எங்கள் தாலுகாவுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புப் பாதுகாப்பு அலுவலர் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளரும், எங்கள் தெருவில் வசிக்கும் பெண்கள் 41 பேரும்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: குடும்ப வன்முறையை வீட்டு விவகாரம் என்று திருப்பி அனுப்புவதை நிறுத்துதல், தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலரை அமர்த்துதல் தொடர்பாக.

பார்வை: பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005 (மத்தியச் சட்டம் 43/2005).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் குழாயடியில் குடம் உருண்டால் ஊராட்சித் தலைவர் வரை செய்தி போகும். கழிவுநீர் வாய்க்கால் அடைத்தால் உங்கள் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கே மனு வரும். ஆனால் நான்காவது வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் அலறலுக்கு மட்டும் எல்லோரும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறோம். நானும் அப்படிச் செய்தவள்தான். மூன்று ஆண்டுகள் செய்தேன். அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் பிள்ளை என் மையத்துக்கு வந்தவன், அப்போது நான்கு வயது. காற்றுக்குக் கதவு படீரென்று சாத்தினால் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு எடைக் கருவி வைத்திருக்கும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான். அவன் தாயின் கையில் நீலம் பாய்ந்த தடங்களையும் பார்த்திருக்கிறேன். வழுக்கி விழுந்தேன் என்பாள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், சிராய்ப்பு பெரும்பாலும் உள்ளங்கையில்தான் இருக்கும். அவளுக்கோ முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தில் தடம் தடமாக இருந்தது. அது முகத்தில் விழ வந்த அடியைத் தடுக்க உயர்த்திய கை. அரசு மருத்துவமனையிலும் வழுக்கி விழுந்ததாகவே சொன்னாள். விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக் காட்டியது அந்த ஒரு வரியைத்தான்.

கடந்த கார்த்திகையில் ஓர் இரவு தலையில் ரத்தத்தோடு அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நானும் இன்னும் இரண்டு பெண்களும் அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் அந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு?" என்பது. உறவில்லை, பக்கத்து வீடு என்றேன். "புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நீங்கள் ஏனம்மா வருகிறீர்கள்?" என்றார். மறுநாள் காலை கணவனை வரவழைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒன்றாக அனுப்பி வைத்தார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. நான்காம் நாள் இரவு, காவல் நிலையத்துக்குப் போனதற்காகவே மறுபடி அடி விழுந்தது.

ஐயா, அந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. குடும்ப வன்முறை நடந்திருக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது 4ஆம் பிரிவு. உறவினராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்கும் வராது. வாயால் சொன்னால், அலுவலர் அதை எழுதிக் கையொப்பம் பெற்று, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அக்கம்பக்கத்துக்கு இந்த உரிமையைக் கொடுத்தபோதே, இது நான்கு சுவருக்குள் முடிகிற விஷயமில்லை என்று நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது. காவல் நிலையத்துக்கும் 5ஆம் பிரிவு கடமை வைத்திருக்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்கலாம், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச சட்ட உதவி உண்டு என்பதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அன்றிரவு இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அவள் உடனே சரி என்றிருப்பாள். "அவரை ஜெயிலில் போட்டுவிடுவார்களா?" என்பதுதான் அவளுடைய பயம். எங்கள் தெருவில் பெரும்பாலான பெண்களின் பயமும் அதுவே. இந்தச் சட்டம் முதலில் சிறையைப் பற்றிப் பேசுவதில்லை. அடிக்கக் கூடாது, அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று நீதித்துறை நடுவர் ஆணையிடுகிறார். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவள் கேட்டது அடி நிற்க வேண்டும், கூரை போகக் கூடாது என்ற இரண்டைத்தான். சட்டம் தருவதும் அதைத்தான்.

ஆனால் இதைச் சொல்லி, நடந்த வன்முறையை நடுவருக்குத் தெரிவிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுத வேண்டிய பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். கட்டணமில்லாப் பேருந்து தாலுகா ஊர் வரைதான். அங்கிருந்து புறநகர் பேருந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். முதல் முறை போனபோது அலுவலர் நீதிமன்றப் பணியில் இருந்தார். இரண்டாம் முறை ஆய்வுக் கூட்டம். அவர்மீது நாங்கள் குறை சொல்லவில்லை, மாவட்டம் முழுவதையும் ஒருவரே பார்க்கிறார். மூன்றாம் முறை அறிக்கை எழுதப்பட்டபோது 26 நாள்கள் ஆகியிருந்தன. மனு கிடைத்த 3 நாள்களுக்குள் முதல் விசாரணை என்று நீதிமன்றத்துக்குச் சட்டம் கணக்கு வைக்கிறது. அந்த வாசலை எட்டவே எங்களுக்கு 26 நாள்! அவள் நேராக நீதிமன்றம் போயிருக்கலாம் என்பது உண்மை. நூறு நாள் வேலைக் கூலியில் பிழைக்கும் பெண்ணுக்கு யார் வழி காட்டியிருப்பார்கள்? ஒவ்வொரு பயணத்துக்கும் அவள் ஒரு நாள் கூலியை இழந்தாள், வீட்டில் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது பொய் பிடிபட்டது. அதற்கு என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது. எங்கள் தெருவில் 60 வீடுகள் இருக்கின்றன. எந்தெந்த வீடு என்று எங்களுக்குத் தெரியும்.

தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் தாலுகாவுக்கு அப்படி ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தால் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தாலுகா அலுவலகம், காவல் நிலையம், நியாய விலைக் கடை, அங்கன்வாடி ஆகிய இடங்களில் எழுதி வைக்கப்பட வேண்டும். அமர்த்தப்படவில்லை என்றால் அரசுக்குத் தாங்கள் உடனே பரிந்துரைக்க வேண்டும். அதுவரை மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வாரத்தில் ஒரு நாள் எங்கள் தாலுகா அலுவலகத்தில் அமர்ந்து குடும்ப நிகழ்வு அறிக்கைகளை எழுத வேண்டும். அது சந்தை நாளாக இருந்தால் நல்லது. அன்று மட்டும்தான் பெண்கள் யாரிடமும் காரணம் சொல்லாமல் வெளியே வர முடியும்.

காவல் நிலையத்தில் எழுதி வாங்கி அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, அத்தகைய ஒவ்வொரு புகாரையும் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புமாறு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தாங்கள் எழுத வேண்டும். பக்கத்து வீட்டார் தரும் தகவலுக்குத் தனிப் பதிவேடு வைத்து, நகல் தரப்பட வேண்டும். முதல் தகவலைத் தர நானே தயாராக இருக்கிறேன். எங்கள் தெருவின் இன்னொரு வீட்டைப் பற்றிய அந்தத் தகவல், பெயர் வெளியே தெரியாதபடி மூடிய உறையில் இந்த மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதைப் பாதுகாப்பு அலுவலர் மட்டுமே பிரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட 42 பேர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல் (கைநாட்டு 9 உட்பட), மூடிய உறை 1