தம்பி, உன் ரெஸ்யூமின் நாலாவது வரியைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரெஸ்யூமை நேற்றிரவு படித்தேன். ஒன்பது வருட வேலை இரண்டு பக்கத்தில் அடங்கியிருக்கிறது. ஆனால் படித்து முடித்தபோது உனக்கு என்னென்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்பதுதான் மனதில் நின்றது, நீ என்ன செய்தாய் என்பது நிற்கவில்லை. மூன்று வருடம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே இந்தக் கதி என்றால், முன்பின் தெரியாதவருக்கு எப்படி இருக்கும்?

எல்லா வரியையும் பேச இடமில்லை. நாலாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "இரவு நேர பில்லிங் ஜாப்பைப் பராமரிக்கும் பொறுப்பு. அதன் செயல்திறனை மேம்படுத்துவதில் பங்காற்றினேன்."

இந்த மாதிரி வரிக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலையைச் சொதப்பிய ஒருவனும் இதே வரியை எழுத முடியுமா? தாராளமாக முடியும். பொறுப்பு அவனுக்கும் இருந்தது, பங்கும் ஆற்றியிருப்பான். அப்படியானால் இந்த வரி உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இதைப் போனில் சொன்னதும் அரை மணி நேரத்தில் நீ திருத்தி அனுப்பினாய்: "பில்லிங் ஜாப்பின் ஓட்ட நேரத்தை 80% குறைத்தேன்." வேகம் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த 80 எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தக் கடிதமே அந்த மௌனத்துக்காகத்தான்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்றால், பழைய லாகில் ஆக மோசமான இரவை எடுத்திருக்கிறாய். அன்று ஜாப் 460 நிமிடம் ஓடியது. உன் மாற்றத்துக்குப் பிறகு நன்றாக ஓடிய இரவு 92 நிமிடம். 460லிருந்து 92 என்றால் சரியாக 80%. கணக்கில் பிழை இல்லை, தேர்வில்தான் பிழை. மோசமான நாளையும் நல்ல நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவுமே பிரமாதமாகத் தெரியும். அதனால் மாற்றத்துக்கு முன்பு ஒரு இருபது இரவு, பின்பு ஒரு இருபது இரவு எடு. நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பார். கூட்டி வகுக்கும் சராசரியைவிட இது நல்லது, ஏனென்றால் ஜாப் நின்றுபோய் மறுபடி ஓட்டிய ஒரே ஒரு இரவு சராசரியைத் தூக்கிவிடும். முன்பும் பின்பும் மாதக் கடைசி இரவுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள். நாம் போனில் பேசியபடியே எண்ணிப் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? முன்பு 370 நிமிடம், பின்பு 95. அதாவது 74%. ஆறு புள்ளி போயிற்று.

இன்னும் முடியவில்லை. அந்தக் காலத்தில் வேறு என்ன மாறியது என்று கேட்டேன். மார்ச்சில் இன்னொரு குழு டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாற்றியது என்றாய். நாம் "முன்பு" என்று எண்ணிய இரவுகள் அதற்கும் முந்தையவை. உன் மாற்றம் எப்போது வெளியானது என்பதில் உனக்குச் சந்தேகம் இருந்தது. அதற்குத்தான் கிட் இருக்கிறதே:

```
git log --author="உன் பெயர்" --since=2023-01-01 --until=2023-12-31 --date=short --format="%ad %h %s" -- billing/
```

இது காட்டுவது கமிட் எழுதிய தேதியை, புரொடக்‌ஷனுக்குப் போன தேதியை அல்ல. அதனால் அதை ரிலீஸ் டிக்கெட்டோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டதில் மே மாதம் என்று தெரிந்தது. நல்ல வேளை, நடுவில் இரண்டு மாத இடைவெளி. அந்த இரண்டு மாத லாகில் ஜாப் 290 நிமிடம் ஓடியிருக்கிறது. ஆக 370லிருந்து 290 வரை இறங்கியது புது மெஷினால். 290லிருந்து 95க்கு இறங்கியதுதான் உன்னுடையது. 67%.

80, 74, 67. எண் சுருங்கச் சுருங்க உன் குரலும் சுருங்கியதைக் கவனித்தேன். ஆனால் யோசித்துப் பார், 67 என்பது மட்டும்தான் யார் கேட்டாலும் நீ நின்று பதில் சொல்லக்கூடிய எண். 80ஐப் போட்டிருந்தால், டேட்டாபேஸ் வேலை தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து "அந்தச் சமயத்தில் ஹார்டுவேர் ஏதாவது மாறியதா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அந்த ஒரு வரி மட்டும் விழாது, அதற்குப் பிறகு பக்கத்தில் உள்ள எல்லா எண்ணையும் அவர் பாதியாக்கித்தான் படிப்பார். நானே அப்படிப் படித்திருக்கிறேன்.

இரண்டு மாற்றமும் ஒரே வாரத்தில் போயிருந்தால்? பிரிக்க வழியே இருந்திருக்காது. அப்போது "டேட்டாபேஸ் மாற்றத்தோடு சேர்ந்து 370லிருந்து 95" என்று எழுத வேண்டியதுதான். அதிலும் கௌரவம் குறையாது.

சதவீதத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 290லிருந்து 95 என்றால் வேகம் மூன்று மடங்கு ஆகியிருக்கிறது. சிலர் இதையே "நேரத்தை 300% குறைத்தேன்" என்று எழுதுகிறார்கள். 100% குறைந்தாலே ஜாப் தொடங்கும்போதே முடிந்துவிடும், 300% எங்கே போவது! முழுமையாக்குவதிலும் கை தானாகச் சாயும். "5 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்" என்று எழுதிப் பார், இந்தப் பக்கம் மேலே தள்ளி அந்தப் பக்கம் கீழே தள்ளியதில் 67 சத்தமில்லாமல் 70 ஆகிவிடுகிறது. ஆகவே இந்த இடத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு இரண்டு எண்ணையும் அப்படியே போடு. படிப்பவர் வகுத்துக்கொள்வார்.

சரி, எண் கிடைத்துவிட்டது. ஆனால் 195 நிமிடம் மிச்சமானதால் யாருக்கு என்ன? இரவில் ஓடும் ஜாப் எத்தனை நேரம் ஓடினால்தான் என்ன என்று ஒருவர் கேட்கலாம், அது நியாயமான கேள்விதான். நீ சொன்ன பதில்தான் அந்த வரியின் உயிர்: புது மெஷின் வந்த பிறகும் மாதக் கடைசியில் ஓரிரு நாள் ஜாப் காலை 8 மணியைத் தாண்டியது, சப்போர்ட் ஆட்கள் வந்து உட்கார்ந்தால் பில் இருக்காது. உன் மாற்றத்துக்குப் பிறகு ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அப்படி ஆகவில்லை. இதை முதல் வடிவத்தில் எழுதவே இல்லை நீ! அது உனக்குத் தினசரி எரிச்சலாக இருந்து மறைந்துவிட்டது, அதனால் சாதனையாகத் தோன்றவில்லை.

இப்போது வரி இப்படி வருகிறது:

"பில்லிங் ஜாப்பில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு க்வெரி என்று ஓடியதை 500 பேருக்கு ஒரு க்வெரி என்று மாற்றி எழுதி, ஓட்ட நேரத்தை 290 நிமிடத்திலிருந்து 95 நிமிடமாகக் குறைத்தேன். அடுத்த ஆறு மாதத்தில் ஜாப் ஒருமுறைகூட காலை 8 மணியைத் தாண்டவில்லை."

அந்த 500ஐ நான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். ஏன் 500 என்று யாராவது கேட்டே தீருவார்கள். முதலில் 5,000 வைத்து மெமரி தீர்ந்து ஜாப் விழுந்த கதையை நீ சொல்லலாம். இன்டெக்ஸ் சேர்க்கச் சொன்னது டிபிஏ என்பதையும் அங்கேயே சொல்லிவிடு. க்வெரியை மாற்றியது நீ, இன்டெக்ஸ் யோசனை அவருடையது. இரண்டும் ஒரே ரிலீசில் போனதால் 195 நிமிடத்தில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஆகவே வரியில் "டிபிஏவுடன் இணைந்து" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுவது உத்தமம்.

அப்புறம், ஆன்-கால் வரி. "அலர்ட்டுகளை வாரத்துக்கு 14லிருந்து 4ஆகக் குறைத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அலர்ட்டைக் குறைக்க இரண்டு வழி உண்டு. காரணத்தைச் சரிசெய்யலாம், இல்லையென்றால் வரம்பை உயர்த்தி மணியை அடக்கிவிடலாம். இரண்டாவதும் சில நேரம் சரியான வேலைதான், தேவையில்லாத அலர்ட் யாரையும் தூங்க விடாது. ஆனால் எது எத்தனை என்று நீ பிரித்துச் சொல்ல வேண்டும். அதே மாதங்களில் வாடிக்கையாளர்கள் நேரடியாகப் புகார் செய்த கோளாறுகள் கூடவில்லை என்று டிக்கெட்டில் காட்ட முடிந்தால் உன் 4 உண்மையான 4. அவை கூடியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடு.

"ஜூனியர்களுக்கு வழிகாட்டி குழுவின் உற்பத்தித்திறனை 40% உயர்த்தினேன்" என்ற வரியை நான் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உற்பத்தித்திறனை எதை வைத்து அளந்தாய்? கமிட் எண்ணிக்கையோ எழுதிய வரிகளோ என்றால் அது இன்னும் மோசம், உன் சிறந்த வேலைகளில் ஒன்று பழைய கோப்புகளை அழித்தது. எல்லா வேலைக்கும் சதவீதம் வராது. எண்ணிச் சொல்லக்கூடியதை எண்ணிச் சொல், போதும்: "புதிதாகச் சேர்ந்த 3 பேருக்கு வழிகாட்டினேன். இருவர் ஆறாவது மாதத்துக்குள் தனியாக ஆன்-கால் பார்த்தார்கள்." இதில் ஒருவர் பார்க்கவில்லை என்பதும் தெரிகிறது. தெரியட்டும்.

ஒன்று மட்டும் கவனம். இந்த எண்களைத் தேடும் வேலையை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடு. கடைசி நாளுக்குப் பிறகு லாகும் டிக்கெட்டும் உன் கையில் இருக்காது, ஞாபகத்திலிருந்து எழுதினால் 67 மறுபடி 80 ஆகிவிடும். அதற்காக டாஷ்போர்டைப் படம் பிடித்து உன் சொந்த மெயிலுக்கு அனுப்பாதே, அது நிறுவனத்தின் சொத்து. வாடிக்கையாளர் எண்ணிக்கை, வருமானம் போன்றவை வெளியில் சொல்லக்கூடாதவை என்றால் அவற்றை வரியில் சேர்க்காதே. ஓட்ட நேரத்தைக்கூடச் சொல்லக்கூடாது என்றார்கள் என்றால் "மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன்" என்று விகிதத்தோடு நிறுத்து.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஏழாவது வரியில் "டெஸ்ட் கவரேஜை 90% ஆக்கினேன்" என்று இருக்கிறது. அது வரிகளின் கவரேஜா, கிளைகளின் கவரேஜா? முழு ரெப்போவுக்கா, உன் மாட்யூலுக்கு மட்டுமா? தொடங்கும்போது எத்தனை இருந்தது? நாளைக்கு ஆபீசில் பார்த்துவிட்டுச் சொல், அந்த வரியை அதற்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து நாற்காலி அண்ணன்