மண்டப உள்சுவர்ப் பூச்சுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

மண்டபத்தின் உள்சுவர்ப் பூச்சு வேலை ஜிப்சம் பிளாஸ்டரில் முடிந்துவிட்டது. இந்த வேலையில் நீங்கள் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மணல்-சிமென்ட் பூச்சுக்கு 15 மூட்டை என்றார்கள், ஜிப்சத்துக்கு 96 மூட்டையா?" கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் யாருக்கும் வரும் சந்தேகம்தான். அதற்கான விளக்கத்தையே முதலில் வைக்கிறோம்.

கதவு, ஜன்னல் கழித்துப் பூச வேண்டிய பரப்பு 200 சதுர மீட்டர். இரண்டு முறைக்கும் ஒரே கனம், 12 மி.மீ., என்றுதான் மதிப்பீடு போட்டோம். அப்படியானால் சுவரில் ஏறும் பூச்சும் இரண்டிலும் ஒரே கொள்ளளவுதான்: 2.4 கன மீட்டர். சுவரில் நிற்பதில் வேறுபாடு இல்லை. அதற்காக வாங்கும் சரக்கில்தான் வேறுபாடு.

மணல்-சிமென்ட் கலவையில் உலர்ந்த மணலுக்குள் நிறைய இடைவெளி இருக்கும். தண்ணீர் சேர்த்துக் கலக்கும்போது சிமென்ட் அந்த இடைவெளிக்குள் போய்விடுவதால் கலவை சுருங்கும். அதனால் 2.4 கன மீட்டர் ஈரக் கலவைக்கு உலர் சரக்கு சுமார் 1.3 மடங்கு, அதாவது 3.12 கன மீட்டர் வேண்டும். 1:5 விகிதத்தில் அதில் ஆறில் ஒரு பங்கு சிமென்ட். அது ஏறத்தாழ 750 கிலோ, 50 கிலோ மூட்டையில் 15. மீதி 2.6 கன மீட்டர் மணல். அது நாலு டன்னுக்கும் மேல், ஆனால் மூட்டைக் கணக்கில் வராது.

ஜிப்சம் பிளாஸ்டருக்கு மணல் கிடையாது. சுவரில் ஏறுவது முழுவதும் மூட்டையிலிருந்தே வருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 1 கிலோ பொடி என்பது நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு. 200 சதுர மீட்டருக்கு 12 மி.மீ. என்றால் 2,400 கிலோ, 25 கிலோ மூட்டையில் 96. இந்தக் கணக்கில் 1.3 மடங்கைச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் ஒரு கிலோ என்பது பூசி முடித்த கனத்துக்கான பொடி எடை. அதையும் பெருக்கிவிட்டால் தேவைக்கு மேல் முப்பது விழுக்காடு சரக்கு வந்து இறங்கிவிடும்.

மூட்டையை விட்டு எடையைப் பாருங்கள். மணல்-சிமென்ட் சரக்கு ஏறத்தாழ 4.9 டன், ஜிப்சம் 2.4 டன். ஒரே கனத்துக்குப் பாதிச் சுமைதான் மேலே ஏறியது.

மதிப்பீட்டைவிட அதிகம் செலவானது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். பூசுமுன் நூல் பிடித்து, தூக்குக்குண்டு வைத்து, எங்கே எவ்வளவு கனம் வரும் என்று காட்டும் சிறு அடையாளத் திட்டுகளான பில்லைகளைச் சுவர் முழுவதும் போட்டோம். மூன்று சுவர்களில் சராசரி கனம் 13 மி.மீ. வந்தது. மேடைக்குப் பின்னால் உள்ள 40 சதுர மீட்டர் சுவர் தூக்கில் இல்லை. மேலே 10 மி.மீ., கீழே 22 மி.மீ., சராசரி 16. நான்கு சுவர்களிலும் சேர்த்து இப்படிக் கூடிய கனத்தால் மட்டும் 320 கிலோ, அதாவது 13 மூட்டை கூடியது. இதே கோணலை மணல் கலவையில் நிரப்பியிருந்தால் இரண்டு மூட்டை சிமென்ட்டும் மூன்றில் ஒரு கன மீட்டர் மணலும் போயிருக்கும், குவியலில் குறைந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஜிப்சத்தில் ஒவ்வொரு மி.மீ.யும் மூட்டையாக எண்ணப்படுகிறது. ஆகவே மூட்டை வாங்கும் முன் பில்லை வைத்து அளந்தது மிகச் சரியான முடிவு என்பது குழுவின் கருத்து.

சேதாரம் 5 விழுக்காடு சேர்த்து 115 எதிர்பார்த்தோம், 117 ஆனது. ஜிப்சம் கலவை அரை மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கும். தொட்டியில் மிஞ்சியது கெட்டியானால் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பூச முடியாது. பூசினாலும் மாவாக உதிரும். மேஸ்திரி இறுகியதைத் தயங்காமல் கொட்டினார், பிறகு ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் கலக்கவில்லை. மணல் கலவையில் கீழே விழுந்ததை உடனே எடுத்துப் பூசலாம், இதில் அந்த வசதி குறைவு.

பதிலுக்கு, பூசிய பிறகு நாள் கணக்கில் தண்ணீர் தெளிக்கும் வேலை இல்லை. மேற்பரப்பு வழவழப்பாக வந்ததால் சுவர் முழுக்கத் தனியாகப் புட்டி அடிக்கவும் தேவைப்படவில்லை.

கழிவறைகளிலும் கை கழுவும் இடத்திலும் மணல்-சிமென்ட் பூச்சே போட்டிருக்கிறோம், தொடர்ந்து நனைந்தால் ஜிப்சம் மென்மையாகிப் பெயரும் என்பதால். மண்டபச் சுவரை யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

120 மூட்டை வாங்கியதில் 3 மிஞ்சியுள்ளன. பிரிக்காமல், தரையைத் தொடாத பலகை மேல் அடுக்கியிருக்கிறோம். ஆணி அடிக்கும்போது பெயர்ந்த இடங்களை அடைக்க எடுத்துக்கொள்ளலாம். மூட்டைக்குள் கட்டி தட்டியிருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

— திருப்பணிக் குழு