போன போக விலையை மட்டும் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் விவசாயப் போதனாசிரியர்களுக்கும் கமநல சேவை நிலைய அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் களுதாவளைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். பகலில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பின்னேரத்தில் அப்பாவோடு மணல் காணியில் நின்று மிளகாய்க்குத் தண்ணீர் விடுகிறேன். இந்த இரண்டு வேலையும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைத்திருக்கின்றன.

ஒரு போகத்தில் அப்பா காய்த்து நின்ற பச்சை மிளகாயை ஆயாமலே விட்டுவிட்டார். ஆய்கிற கூலியும் லொறிக் கூலியும் சேர்ந்து சந்தை விலையைத் தாண்டிவிட்டன. அதற்கு முந்திய போகத்தில் அதே மிளகாய்க்கு நெருப்பு விலை. அப்போது நடந்த ஒரு கூட்டத்தில், "மிளகாய்க்கு நல்ல விலை போகிறது, போடுங்கள்" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. விலை நல்லாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் போட்டார்கள்.

இதைப் பொருளியலில் சிலந்திவலைக் கோட்பாடு என்பார்கள். 1934இல் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் வைத்த பெயர் அது. விலையையும் அளவையும் படமாகக் கீறினால் கோடு சுற்றிச் சுற்றி வலைபோல வரும். மிளகாய்க்கு நாற்றுமேடையில் ஏறக்குறைய ஒரு மாதம், நட்ட பிறகு முதல் காய் ஆய்வதற்கு இன்னும் இரண்டு மாதமளவு வேண்டும். ஆக, இன்றைய விலையைப் பார்த்து நாற்றுமேடை போடுகிறோம், மூன்று மாதம் கழித்து வரும் விலைக்கு விற்கிறோம். பச்சை மிளகாயைக் கட்டி வைக்க முடியாது. வந்தது எவ்வளவோ அவ்வளவும் விற்றுத் தீரும்வரை விலை இறங்கும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு சந்தைக்கு நாளுக்கு 100 மூடை வந்தால் கிலோ 300 ரூபாய், அது எல்லோருக்கும் ஒத்துப்போகிற நிலை என்று வைப்போம். 10 மூடை கூடினால் விலை 40 ரூபாய் இறங்கும், 10 மூடை குறைந்தால் 40 ரூபாய் ஏறும். ஒரு மாரி மழையில் கொஞ்சம் அழிந்து 90 மூடைதான் வருகிறது. விலை 340.

முதலில் மெதுவாக அசைகிற ஊர். விலை 40 ரூபாய் ஏறினால் அடுத்த போகம் 5 மூடைதான் கூட்டுவார்கள். அப்போது 105 மூடை வரும், விலை 280. அதைப் பார்த்துச் சிலர் குறைப்பார்கள், விலை 310 ஆகும். அடுத்தது 295. ஒவ்வொரு முறையும் ஆட்டம் பாதியாகி, கடைசியில் 300இல் வந்து நிற்கும். மழை செய்த குழப்பத்தைச் சந்தையே ஆற்றிவிடுகிறது.

இனி வேகமாக அசைகிற ஊர். அதே மழை, அதே 340 ரூபாய். ஆனால் 40 ரூபாய் ஏறினால் இங்கே 15 மூடை கூட்டுகிறார்கள். அடுத்த போகம் 115 மூடை, விலை 240. பயந்து குறைக்கிறார்கள், விலை 390. பாய்ந்து நடுகிறார்கள், 165. பிறகு 500ஐத் தாண்டுகிறது. அதற்கடுத்த போகத்துக்குக் கணக்குச் சொல்கிற விலை பூச்சியத்துக்கும் கீழே, ஏறத்தாழ கழித்தல் 4 ரூபாய்! கழித்தல் விலை என்று உலகத்தில் எதுவும் இல்லை. செடியில் பழுத்து வதங்கிய அப்பாவின் மிளகாய்தான் அதன் அர்த்தம். இந்த வீக்கம் முடிவில்லாமல் போகாது. ஆய்கூலி ஒரு பக்கம் தடுக்கும், காணியும் கைக்காசும் மறுபக்கம் தடுக்கும். ஆனால் அந்தத் தடுப்பில் போய் முட்டுகிற நேரத்தில் சில குடும்பங்கள் நகையை அடகு வைத்திருக்கும்.

இரண்டு ஊரிலும் மழை ஒன்று, சாப்பிடுகிறவர்கள் ஒன்று. வேறுபாடு ஒரேயொரு இடத்தில்தான்: விலை மாறும்போது, வாங்குகிறவர் மாறுகிற அளவோடு பார்த்தால், நடுகிறவர் எவ்வளவு மாறுகிறார் என்பதில். நடுகிறவர் கூடுதலாக மாறினால் ஆட்டம் பெருகும், வாங்குகிறவர் கூடுதலாக மாறினால் அடங்கும். மிளகாய் பாதி விலைக்கு வந்துவிட்டது என்று யாரும் கறிக்கு இரட்டிப்பாகப் போடுவதில்லை. மறுபுறம், நம்முடைய கரையோர மணலில் கிணறும் மோட்டாரும் இருக்கிற ஒருவர் கத்தரியை விட்டு மிளகாய்க்கு ஒரே போகத்தில் மாறிவிடலாம். தெளிப்பு நீர்ப்பாசனமும் நாற்றுத் தட்டும் வந்த பிறகு அது இன்னும் லேசு. நீங்கள் தந்த அந்த உதவிகள் நல்லவை, ஆனால் அவை நம்மை இரண்டாவது ஊரின் பக்கம் தள்ளுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அதைக் காயவைத்துக் கட்டி வைக்கலாம், பள்ளக் காணியில் மாரிக்கு வேறு பயிர் போடவும் இலகுவில் முடியாது.

எல்லா விலையேற்றமும் இந்த வலை அல்ல. மழையால் வருகிற ஏற்ற இறக்கத்துக்கு ஒழுங்கு இராது. வலை என்றால் ஒரு போகம் மேலே, மறு போகம் கீழே என்று மாறி மாறி வரும், போன போகம் விலை கூடிய அளவுக்கு இந்தப் போகம் நாற்றும் கூடியிருக்கும். ஒவ்வொரு கிராமத்திலும் விலையையும் நாற்றுமேடை எண்ணிக்கையையும் நாலைந்து போகத்துக்கு ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதினால் தெரிந்துவிடும்.

இப்போது நான் கேட்க வந்ததைச் சொல்கிறேன். விவசாயி கடைசி விலையை மட்டும் நம்பாமல், போன தடவை தான் எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் நடுவில் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இப்படி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்கிற கணக்கை 1958இல் பொருளியலாளர் மார்க் நெர்லோவ் எழுதினார். அதே இரண்டாவது ஊரில் போட்டுப் பாருங்கள். எதிர்பார்த்தது 300, கிடைத்தது 340, ஆகவே 320ஐ நினைத்து நடுகிறார். கூடுவது 15 மூடை அல்ல, ஏழரை மூடை. விலை 270. அடுத்து 320க்கும் 270க்கும் நடுவில் 295ஐ நினைக்கிறார், விலை ஏறத்தாழ 307. அதற்கடுத்தது 298. வெடித்துக்கொண்டிருந்த ஊர் மூன்றே போகத்தில் அடங்கிவிட்டது. காணியும் மாறவில்லை, சந்தையும் மாறவில்லை.

தனியாக ஒருவர் இப்படி நினைப்பதால் பயனில்லை. அவர் குறைத்து நட்டாலும் பக்கத்துக் காணிக்காரர் கூட்டி நடுவார், விலை விழத்தான் போகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற குரல் உங்களுடையது. அதனால் போகத்துக்கு முந்திய கூட்டத்தில் போன போக விலையைச் சொல்லும்போது, அதற்கு முந்திய மூன்று போகத்தின் விலையையும் சராசரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாற்றுமேடை போட்டு இரண்டு கிழமைக்குள், நடுவதற்கு முன், எந்த ஊரில் எத்தனை மேடை என்று எண்ணி, களுதாவளை, தேற்றாத்தீவு, குருக்கள்மடம் எல்லா ஊரிலும் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். அந்த நேரத்தில் நாற்றைக் குறைத்து நடலாம், பாதிக் காணியைப் பயிற்றைக்கு விடலாம். நட்ட பிறகு சொன்னால் எங்களுக்கு உதவாது.

எங்கள் ஊரில் எண்ணுகிற வேலைக்கு என்னுடைய வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். வரும் மாரிக்கு நாற்றுமேடை போடத் தொடங்கும் முன் ஒரு நாளைச் சொல்லுங்கள், தாளோடு வருகிறோம்.

அன்புடன்,
ஒரு மிளகாய்த் தோட்டக்காரரின் மகன்