ஆறரையில் முடித்துவிட்டு வந்தேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்டர்வியூ முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? புது வீட்டுக்குப் போய்விட்டீர்களா, இல்லை இன்னும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?

இன்டர்வியூ போன செவ்வாய்க்கிழமை நடந்தது. பர்ச்சேஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலை. முதல் அரை மணி நேரம் வழக்கமான கேள்விகள்தான், அதைச் சொல்லி உன்னைக் கழுத்தறுக்க மாட்டேன். அதற்கு அப்புறம் வந்த ரோல் பிளேயை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீ பதினைந்து வருடமாக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விற்கிறவன், நான் எங்கே வழுக்கினேன் என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கையில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தார்கள். படிக்கப் பத்து நிமிடம், பேச இருபது நிமிடம். விஷயம் இதுதான்: டப்பாவுக்குப் போடும் பிளாஸ்டிக் மூடி, மாதம் 50,000 வாங்குகிறோம், ஐந்து வருடமாக ஒரே சப்ளையர். இப்போதைய விலையை 100 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூடி செய்ய உருக்கும் பிளாஸ்டிக் குருணை 20 சதவீதம் ஏறிவிட்டது, அதனால் மூடி விலையை 14 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று அவர் கடிதம் போட்டிருக்கிறார். என் மேலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் எல்லை 6. கையில் மூன்று வார ஸ்டாக். இன்னொரு சப்ளையர் இப்போதைய விலைக்கு மேல் 3 சதவீதத்துக்குத் தர ரெடி. மூடி வார்க்கும் அச்சு நம்முடையதுதான், ஆனால் அதைக் கழற்றி அங்கே கொண்டுபோய் மாட்டி, சாம்பிள் எடுத்து, பாஸ் செய்து, சரக்கு வரப் பத்து வாரம் ஆகும். தாளின் அடியில் குருணை விலைக் குறியீடு என்று சின்னதாக ஒரு அட்டவணை. அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

சப்ளையராக உட்கார்ந்தவர் அந்த நிறுவனத்தின் பர்ச்சேஸ் தலைவரேதான். இத்தனை வருடமாகத் தன்னிடம் வந்து விலை ஏற்றிக் கேட்டவர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கரைத்துக் குடித்தவர் மாதிரி நடித்தார். உட்கார்ந்ததும் பெருமூச்சு, "உங்களுக்கு இதுவரை நஷ்டத்தில்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்", "வட்டி கட்டியே மாளவில்லை", எல்லாம் முதல் ஒரு நிமிடத்துக்குள்.

நான் செய்த முதல் தப்பு, வாயைத் திறந்ததும் ஒரு எண்ணைச் சொன்னது. "வேறு ஒருவர் மூன்று சதவீதத்துக்குத் தருகிறார், நீங்களும் மூன்றுக்கு வாருங்கள்" என்றேன். பெரிய சீட்டை இறக்கிவிட்ட நினைப்பு எனக்கு. அவர் அசையவே இல்லை. "நல்லது, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எப்போது சரக்கு கொடுப்பார்?" என்று கேட்டார். நான் விழித்தேன். மூன்று வார ஸ்டாக், பத்து வார வேலை, நடுவில் ஏழு வாரம் நம் லைன் மூடியில்லாமல் நிற்கும், அச்சு இப்போது அவர் மெஷினில் மாட்டியிருப்பதால் இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். நான் பதில் தேடிக்கொண்டிருந்த அந்த நாலு வினாடியிலேயே, "பாருங்கள், நீங்கள் இப்படிப் பேசினால் 14 எனக்குக் கட்டாது, 16 போட வேண்டியிருக்கும்" என்றார். பேரம் பேசப் போன இடத்தில் விலையை ஏற்றிவிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்!

அப்புறம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தாளை இன்னொரு தடவை பார்த்தேன். பதினாறுக்கு எதிராக இன்னொரு எண்ணைச் சொன்னால் ஏலம் மாதிரி ஆகிவிடும், அவர் ஏற்ற நான் இறக்க, கடைசியில் நடுவில் வந்து நிற்கும், அந்த நடுவும் அவர் பக்கமாகத்தான் இருக்கும். அதனால் எண் பேசுவதை விட்டுவிட்டுக் கேள்விக்குப் போனேன். "குருணை 20 ஏறியது என்கிறீர்கள், சரி. நூறு ரூபாய் மூடியில் குருணை எவ்வளவு?" கொஞ்சம் இழுத்துவிட்டு 45 என்றார். 45-க்கு 20 சதவீதம் என்றால் 9. அவர் சொன்ன காரணத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் ஒன்பதுதான் வருகிறது, பதினாலு எங்கிருந்து வந்தது? கூலியும் மின்சாரமும் என்றார். அவை இரண்டும் சேர்ந்து 25, ஏற்றம் 6 சதவீதம், ஆக ஒன்றரை. அப்போதும் பத்தரைதான் ஆகிறது. மீதி மூன்றரைக்கு அவரிடம் பெயர் இல்லை. அதை நான் குத்திக்காட்டவில்லை, தாளில் எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

உண்மையான திருப்பம் அந்தச் சின்ன அட்டவணையில் இருந்தது. "20 சதவீதம் எந்த மாதத்திலிருந்து எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டேன். குறியீடு அடிமட்டத்தில் 100 ஆக இருந்த மாதத்திலிருந்து எண்ணியிருக்கிறார், இப்போது 120. ஆனால் நாம் கடைசியாக விலை பேசி முடித்தபோது குறியீடு ஏற்கனவே 109-க்கு வந்துவிட்டிருந்தது. அந்த ஒன்பதுக்கான காசு இப்போதைய விலையிலேயே இருக்கிறது. 109-லிருந்து 120 என்றால் சுமார் 10 சதவீத ஏற்றம், 45-இல் அது நாலரை. கூலி, மின்சாரத்துக்கு ஒன்றரை சேர்த்தால் சரியாக 6. அவர் பக்கத்தில் இன்டர்வியூ எடுக்க உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குள் ஒரு குஷி வந்துவிட்டது, அந்தக் குஷிதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

கணக்கு தோற்றதும் அவர் கணக்கு பேசுவதை விட்டுவிட்டார். "ஐந்து வருட உறவு", "போன வருடம் உங்கள் அவசர ஆர்டருக்கு ராத்திரி ஷிப்ட் ஓட்டினேன்", "எட்டுக்குக் கீழே போனால் என் முதலாளி என்னை விடமாட்டார்". நீயும் இப்படித்தான் பேசுவாயா? இங்கே நான் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். முதல் நிமிடத்தில் அவர் வட்டியைப் பற்றிப் புலம்பியது ஞாபகம் வந்தது. இப்போது நாம் 60 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறோம். கடனுக்கு வருடம் எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள் என்று கேட்டேன், 12 சதவீதம் என்றார். அப்படியானால் மாதம் ஒன்று. 30 நாளில் பணம் வந்தால் விலையில் ஒரு சதவீதம் ஏற்றியது போலத்தான் அவருக்கு. "நீங்கள் ஆறுக்கு வந்தால், 30 நாள் பேமெண்டுக்கு எங்கள் அக்கவுண்ட்ஸில் நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் தாளில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை, நம் கம்பெனிக்கும் பணத்துக்கு ஒரு விலை உண்டு. கூடவே, ஏறிய விலைக் குருணை உங்கள் மெஷினுக்குள் எப்போது போகும் என்று கேட்டேன். பழைய விலைச் சரக்கு ஐந்து வாரத்துக்கு இருக்கிறது என்றார். சரி, புது விலை ஐந்து வாரம் கழித்துப் புறப்படும் லோடிலிருந்து. அதற்கும் தலையாட்டினார். குறியீடு இறங்கினால் மூடி விலையும் இறங்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாமா என்றபோது மட்டும் "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நழுவினார், நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஆறு. கை குலுக்கியாகிவிட்டது. மணியைப் பார்த்தேன், ஒன்றரை நிமிடம் பாக்கி. எழுந்திருக்கப் போகும்போது அவர் சாதாரணமாக, "அப்புறம், அட்டைப்பெட்டி விலையும் ஏறிவிட்டது, பேக்கிங்குக்குத் தனியாக ஒரு சதவீதம் போட்டுக்கொள்கிறேன்" என்றார். எனக்கு அலுப்பு, ஜெயித்த சந்தோஷம் வேறு. "ஒன்று முடியாது, அரை வேண்டுமானால்" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சரி என்றார். அவ்வளவு நேரம் எதற்கும் உடனே சரி சொல்லாத மனுஷன்.

அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் பேசினார். "உங்கள் எல்லை எவ்வளவு?" ஆறு என்றேன். "எவ்வளவில் முடித்தீர்கள்?" ஆறரை. "அந்த அரைக்கு என்ன வாங்கினீர்கள்?" ஒன்றுமில்லை. கோபமாக எல்லாம் கேட்கவில்லை, பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரிதான் கேட்டார். வருடத்துக்கு ஆறு லட்சம் மூடி, அதில் அரை சதவீதம் என்றால் 3,000 மூடியின் காசு, சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதுகூடப் பெரிதில்லை, எனக்குக் கொடுத்திராத அதிகாரத்தில் கொடுத்திருக்கிறேன். "பேக்கிங் பேசிய விலைக்குள்தான் இருக்கிறது, அதைத் திறந்தால் ஐந்து வாரம், 30 நாள் எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இல்லாவிட்டால் "இது என் கையில் இல்லை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்திருக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சமாதானம் ஒன்று தோன்றியது. ஐந்து வாரம் தள்ளிப்போட்டதில் முதல் வருடச் செலவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேலேயே மிச்சம், ஆக கணக்கு நேராகிவிட்டது என்று. ஆனால் அந்த மிச்சம் முதல் வருடத்தோடு சரி, இந்த அரை விலையிலேயே உட்கார்ந்துவிடும், அடுத்த பேரமே 106.5-லிருந்துதான் தொடங்கும். நல்லவேளை, அங்கே இதைச் சொல்லிச் சமாளிக்கப் பார்க்கவில்லை.

கடைசியில் இன்னொன்றும் கேட்டார்கள்: அந்த இன்னொரு சப்ளையரை நிஜமான மிரட்டலாக்க என்ன செய்திருப்பீர்கள்? விலைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பழைய விலையில் ஏழு வாரச் சரக்கைக் கூடுதலாக ஆர்டர் போட்டு வைப்பேன் என்றேன். ஒத்துக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது. எனக்கு ஒரு சந்தேகம், மாதம் 50,000 வாங்குகிறவன் திடீரென்று ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டால், எதிரில் நீ இருந்தால் மோப்பம் பிடித்துவிட மாட்டாயா? பிடித்தால் என்ன செய்வாய், தாமதம் செய்வாயா, விலையை முந்திக்கொண்டு ஏற்றுவாயா? உண்மையைச் சொல்லு.

நேற்று போன் வந்தது, அடுத்த வியாழன் இரண்டாவது சுற்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பவும் ரோல் பிளே, இந்தத் தடவை இரண்டு பேர் சப்ளையராக உட்காருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி வை, போன் போடுகிறேன், நீ விற்கிறவனாகவே இரு, எதற்கும் இரக்கப்படாதே. கடைசியில் நான் போனை வைக்கப் போகும்போது என்ன கேட்பாய் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி