கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் ஏன் எழுந்து நடக்கிறார்கள்?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு வணக்கம்.

"மூணாம் ஆண்டுல கணக்கு நேரத்துல பிள்ளைங்க எழுந்து சுத்துறாங்க, டீச்சர் பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க" என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த டீச்சர் நான்தான். நடக்கச் சொன்னதும் நான்தான்.

என் வகுப்பில் ஒரு பையன். வகுத்தல் அவனுக்கு நன்றாக வரும். ஆனால் இருபது கணக்குள்ள பயிற்சித்தாளைக் கொடுத்தால் முதல் ஐந்து சரியாக இருக்கும், ஆறாவதில் தவறு வரும், எட்டாவதன் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் படம் இருக்கும். முதல் கணக்கிலிருந்தே பிழை என்றால் பாடம் புரியவில்லை எனலாம். பாதியில் தொடங்கும் பிழை வேறு கதை: பாடம் தெரியும், கவனம்தான் நிலைப்பதில்லை.

அதனால் தாளை நான்காக வெட்டினேன். ஒரு துண்டுக்கு ஐந்து கணக்கு, ஏழெட்டு நிமிட வேலை. அடுத்த துண்டு வகுப்பின் பின்மேசையில் இருக்கும். முடித்ததை என்னிடம் காட்டிவிட்டுப் போய் எடுத்துவர வேண்டும். நீங்கள் பார்த்த 'சுற்றல்' அதுதான். எல்லாருக்கும் இதே முறை. அவனை மட்டும் எழுப்பினால் மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு மணி நேரப் பாடத்தின் நடுவில் இரண்டு நிமிட அசைவு இடைவேளையும் உண்டு. முதல் வாரம் பாட்டுப் போட்டுக் குதிக்க விட்டேன். அடங்க பத்து நிமிடம் ஆனது, தப்பு என்னுடையது. இப்போது சுவரை இரு கையாலும் பத்து முறை தள்ளுகிறார்கள், பிறகு நின்றபடியே மெதுவாக மூச்சு விட்டு உட்காருகிறார்கள். சேட்டை செய்தவனுக்கு இந்த இடைவேளையை மட்டும் நான் வெட்டுவதில்லை. அது அதிகம் தேவைப்படுவது அவனுக்குத்தானே.

பலகையின் ஓரத்தில் தொங்கும் பட அட்டைகளைப் பற்றியும் கேட்டீர்கள். வாயால் நான்கு வேலை சொன்னால் இரண்டாவதிலேயே அந்தப் பையனுக்கு மறந்துவிடும். வேலைக்கு ஒன்றாகப் படம் போட்ட அட்டை அங்கேயே இருக்கும். முடிந்ததை ஒரு பிள்ளை கழற்றி உறையில் போடும். முதலில் நாள் முழுவதற்குமான பதினொரு அட்டைகளைத் தொங்கவிட்டேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பாடத்துக்குரிய நான்கு மட்டும். திடீரெனப் பள்ளிக் கூட்டம் வந்தால், வழக்கம் மாறுகிறது என்று காட்டும் சிவப்பு அட்டையை முன்கூட்டியே மாட்டிவிடுவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓய்வு நேரத்துக்குப் பிறகு, பினாங்கு வெயிலில் விளையாடிவிட்டு வரும் நாள்களில் நான்காவது துண்டு அப்படியே கிடக்கும். மூன்றோடு நிறுத்திவிடுவேன். வகுத்தல் தெரியுமா என்று பார்க்கப் பதினைந்து கணக்கு போதும். அப்புறம், இது மருத்துவமும் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாகக் கவனம் நிலைக்காத இதே சிரமம் என்றால் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த ஆண்டு அட்டவணையில் கணக்கை ஓய்வு நேரத்துக்கு முன்னால் வைக்கத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பின்மேசைக்கு நான்கு பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கித் தாருங்கள். மின்விசிறிக் காற்றில் துண்டுகள் பறக்கின்றன.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு ஆசிரியை, பினாங்கு