ஏறவேண்டிய மணி ஏன் ஏறவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுழலும் வளையத்தில் கோத்த மணியைப் பற்றிச் சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையின் கடைசிச் சமன்பாட்டில் ஒரு குறி தவறாக இருக்கிறது. அதை அச்சுப்பிழை என்று விட்டுவிட முடியாது. கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட வழியில் போனால் அந்தத் தவறு வந்தே தீரும். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டி வைப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

R ஆரமுள்ள கம்பி வளையம் செங்குத்தாக நிற்கிறது. மோட்டார் ஒன்று அதைச் செங்குத்து விட்டத்தை அச்சாக வைத்து மாறாத ω கோண வேகத்தில் சுற்றுகிறது. மணி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரே எண் போதும்: வளையத்தின் அடிப்புள்ளியிலிருந்து அளந்த கோணம் θ. அதுதான் இங்கே பொதுமை ஆயம். வளையம் சுற்றிய கோணம் ωt மோட்டார் தீர்மானிப்பது. அதை ஆயமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மணிக்கு இரண்டு வேகங்கள். கம்பியோரமாக Rθ̇, அதற்குச் செங்குத்தாக, அச்சிலிருந்து R sin θ தொலைவில் சுற்றுவதால் Rω sin θ. எனவே

T = ½mR²(θ̇² + ω² sin²θ)
V = −mgR cos θ

இதுவரை கட்டுரை சரி. அடுத்து, "உராய்வு இல்லை, ஆகவே T + V மாறாது" என்று எழுதி அதை நேரத்தைச் சார்ந்து வகையிட்டிருக்கிறார். கிடைப்பது:

θ̈ = −(g/R) sin θ − ω² sin θ cos θ

இதன்படி சமநிலைக்கு அருகே சுழற்சி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பலமாக மணி அடியில் பிடிபட்டுக் கிடக்க வேண்டும். ஆனால் மணி மேலே ஏறுவதை யாரும் பார்க்கலாம்.

கோளாறு T + V மாறாது என்றதில்தான். மணி அச்சை விட்டு விலகும்போது வளையத்தை அதே வேகத்தில் வைத்திருக்க மோட்டார் கூடுதலாக வேலை செய்கிறது. அது செலுத்தும் ஆற்றல் mR²ω² sin²θ அளவுக்கு மாறிக்கொண்டே இருக்கும். பரிமாணச் சோதனை இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் குறி மட்டுமே மாறியிருக்கிறது.

சரியான வழி L = T − V என்று எழுதி, θ̇-ஐச் சார்ந்த வகைக்கெழுவின் நேர மாற்றத்தை θ-வைச் சார்ந்த வகைக்கெழுவுக்குச் சமமாக்குவது. mR²-ஆல் வகுத்தால்

θ̈ = ω² sin θ cos θ − (g/R) sin θ

சுழற்சி உறுப்பில் θ̇ இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறப்பால் அது இயக்க ஆற்றல். ஆனால் சமன்பாட்டில் குறி மாறிய நிலை ஆற்றலாகவே நடந்துகொள்கிறது. மாறாமல் இருப்பது ½mR²θ̇² − ½mR²ω² sin²θ − mgR cos θ என்ற அளவு. ஆற்றல் வழியில்தான் போவேன் என்பவர் இதை வகையிட்டால் சரியான விடை கிடைக்கும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். R = 10 செ.மீ., g = 9.78. (பாடநூலில் 9.81 இருக்கும், நாம் நிலநடுக்கோட்டருகே இருப்பதால் சற்றுக் குறைவு. இங்கே இரண்டும் ஒன்றுதான்.) வளையம் நின்றிருக்கும்போது மணியின் சிறு ஊசலாட்டத்துக்கு 0.64 வினாடி. நிமிடத்துக்கு 80 சுற்றில் சரியான சமன்பாடு 1.2 வினாடி என்கிறது, கட்டுரையின் சமன்பாடு 0.48 என்கிறது. சுழற்சி கூடக் கூட ஆட்டம் மந்தமாகிறதா, வேகமாகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சுமார் 94 சுற்றைத் தாண்டியதும் அடிப்புள்ளி நிலையற்றதாகிறது; மணி cos θ = g/(Rω²) என்ற இடத்துக்கு ஏறும். 120 சுற்றில் அது ஏறக்குறைய 52 பாகை. 94-ஐ ஒட்டி மட்டும் அளக்க வேண்டாம். அங்கே மணியை இழுக்கும் விசை மிகச் சிறியது, கொஞ்சம் உராய்வு இருந்தாலும் மணி கண்ட இடத்தில் நின்றுவிடும்.

இதெல்லாம் ω-வை மோட்டார் பிடித்து வைத்திருக்கும்வரைதான். வளையத்தைக் கையால் சுழற்றி விட்டுவிட்டால் அதன் கோணம் φ இரண்டாவது ஆயமாகிறது. அப்போது T + V மாறாது. கட்டுரையாளர் சொன்னது அங்கே பொருந்தும். ஆனால் மணி ஏற ஏற வளையத்தின் வேகம் குறையும் என்பதால் ω-வை மாறிலியாக வைத்து வகையிட முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்