நாணயம் யார் கையில் இருக்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து டாரோ கார்டுகளில், உனக்கு வந்திருக்கும் வரனுக்கான இடத்தில் கிங் ஆஃப் பெண்டகிள்ஸ், போய்ச் சேரும் இடத்தில் டென் ஆஃப் பெண்டகிள்ஸ். "அக்கா, ரெண்டுமே வசதின்னுதானே சொல்லுது? சரின்னு சொல்லிடவா?" என்று கீழே எழுதியிருந்தாய். கார்டு அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குப் படுவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்வி, "இந்த வரன் எனக்கு நிலையான வாழ்க்கை தருமா?" என்பது. கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. நீ கேட்காததைப் பற்றி இந்த இரண்டு கார்டுகளும் வாயே திறக்கவில்லை. பெண்டகிள்ஸ் என்றால் நாணயங்கள், கையில் பிடிக்கக்கூடிய விஷயங்களின் கார்டுகள்: பணம், வீடு, உழைப்பு, உடம்பு. மனசு எங்கே இருக்கிறது என்று தெரிய கோப்பைகள் பக்கம், கப்ஸ் பக்கம்தான் போக வேண்டும்.

இன்னொன்று, இரண்டையும் சேர்த்து "இரட்டை ஆமாம்" என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் இருப்பது 1909-இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாணயங்களை மட்டும் பார். ராஜா ஒற்றை நாணயத்தை மடியில் வைத்துக் கையால் பிடித்திருக்கிறார், பார்வையும் அதன் மேல்தான். திராட்சை படர்ந்த அங்கிக்குக் கீழே, காலில் போர்க்கவசம் எட்டிப் பார்க்கிறது. பாடுபட்டுச் சேர்த்தவர், இன்னும் காவலை விடாதவர். பத்தாவது கார்டில் பத்து நாணயங்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட யார் கையிலும் இல்லை. படம் முழுக்க அந்தரத்தில் பரவிக் கிடக்கின்றன. அது ஒரு ஆளின் சம்பாத்தியம் இல்லை, தலைமுறைகளாகச் சேர்ந்த குடும்பச் சொத்து. அதனால்தான் அந்தப் படத்தில் இத்தனை பேர்: வளைவின் கீழ் ஒரு ஆணும் பெண்ணும், அவள் பக்கத்தில் குழந்தை, முன்னால் முதியவர், அவர் காலடியில் இரண்டு நாய்கள்.

அந்த முதியவரின் அங்கியிலும் திராட்சைக் குலைகள் இருக்கின்றன. எனக்கு அவர் வயதான ராஜாவாகவே தெரிகிறார். அந்த ஆணும் பெண்ணும் அவர் பக்கம் திரும்பவில்லை, நாய்கள்தான் அவரைப் பார்க்கின்றன. எல்லாவற்றையும் கட்டி முடித்தவர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். முதல்முறை இதைக் கவனித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நீ விரித்த கார்டுகளில் ராஜா அவராகவும், பத்து முடிவாகவும் வந்திருப்பதால் கேட்கிறேன்: அவர் கைக்குள் வைத்திருப்பது ஒருநாள் எல்லோருடையதாகவும் ஆகுமா, இல்லை கடைசிவரை அவர் கையிலேயே இருக்குமா?

அதற்கான குறிப்பும் விரிப்பிலேயே இருக்கிறது. கவனிக்க வேண்டிய இடத்தில் சிக்ஸ் ஆஃப் பெண்டகிள்ஸ் வந்திருக்கிறது. தராசு பிடித்தவர் நின்றுகொண்டு காசு போடுகிறார், வாங்குகிற இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். தாராளமான கார்டுதான். ஆனால் எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வது தராசு வைத்திருப்பவர் மட்டுமே. அவர் தரமாட்டார் என்று நான் பயப்படவில்லை. ஒவ்வொரு முறையும் நீ கேட்டு வாங்க வேண்டியிருக்குமோ என்றுதான் பயப்படுகிறேன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது ஃபோர் ஆஃப் கப்ஸ், ஐந்தில் வந்த ஒரே கப்ஸ். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்தவனுக்கு மேகத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்டுகிறது. அவன் பார்க்கவில்லை. வெறுப்பு இல்லை, ஆனால் ஆசையும் இல்லை. உனக்கான இடத்தில் வந்ததோ டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாள்களைக் குறுக்கே பிடித்திருக்கும் பெண். வசதியை வைத்தே முடிவெடுத்துவிடலாம் என்று நீயே கட்டிக்கொண்ட துணி அது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு.

அவருக்குக் கடன் இருக்கிறதா, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் கார்டில் தெரியாது. அதை நேராகத்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை பேசும்போது ஒன்று கேள்: பெரிய செலவு வந்தால் வீட்டில் யார் யார் உட்கார்ந்து முடிவு செய்வீர்கள்? பதிலில் உனக்கு இடம் இருக்கிறதா என்று பார். அப்புறம், இதே கேள்விக்கு மறுபடி கார்டு எடுக்காதே, பிடித்த பதில் வரும்வரை கலைத்துக்கொண்டேதான் இருப்பாய். அவரிடம் பேசி முடித்தபின் "அவர் பக்கத்தில் நான் எப்படி இருக்கிறேன்?" என்று கேட்டு ஒரே ஒரு கார்டு எடு. எது வந்தாலும் எந்த நேரமானாலும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா